அருள் அத்தியாயத்தை இளங்கலை மாணவர்களுக்கு எளிமையாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்லூரியில் இறையியல் இளங்கலை மாணவர்களுக்கு அருள் பற்றிய அத்தியாயத்தை நடத்துகிறேன். பாடநூலில் அது ஐம்பது பக்கத்துக்குக் குறையாது. வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ஐந்து வரி ஓடும். அதைச் சுருக்கிக் குறிப்பாகத் தருகிற மற்ற ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

அத்தியாயம் முழுவதையும் எட்டுப் பக்கத்தில் அடக்க வேண்டும். எதை விடலாம், எதை விடவே கூடாது?

வகைப்பாடுகளில் பாதியை விடலாம். விடக்கூடாத முடிச்சு ஒன்று இருக்கிறது: தொடக்கம் யாருடையது என்பது. மனிதன் கடவுள் பக்கம் திரும்புகிறான் என்றால், அந்த முதல் அசைவு, திரும்ப வேண்டும் என்ற அந்த ஆசை, எங்கிருந்து வந்தது?

வரலாற்றில் சண்டை நடந்ததே இங்கேதான். பெலாஜியுஸ் என்ற துறவி, கடவுள் சட்டத்தையும் முன்மாதிரியையும் கொடுத்திருக்கிறார், செய்வதற்கான திறன் நம் இயல்பிலேயே இருக்கிறது என்ற திசையில் பேசினார். அகுஸ்தினார் அதை எதிர்த்தார். 418-இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸ் தரப்பைக் கண்டித்தது. பெலாஜியுஸ் சொன்னது பெரிய தவறு. மாணவர்கள் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத தவறு அதற்கு அடுத்தது. இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இருந்த துறவிகள் சிலர், அருள் இல்லாமல் மீட்பு இல்லைதான், ஆனால் முதல் அடியைச் சில நேரம் நாமே வைக்கலாம் என்றார்கள். 529-இல் ஒராஞ்சு சங்கம் அதற்கும் பதில் சொன்னது: நம்பிக்கையின் வளர்ச்சி மட்டுமல்ல, அதன் தொடக்கமும், நம்ப வேண்டும் என்ற விருப்பமும்கூட அருளின் கொடையே.

நம் ஊரில் பிரசங்க மேடையில் அடிக்கடி கேட்கும் வரி எது? ‘நாம் ஓரடி வைத்தால் ஆண்டவர் பத்தடி வைப்பார்.’ ஆறுதலான வரிதான். ஆனால் ஒராஞ்சு மறுத்தது அச்சு அசலாக இதைத்தான். ஆகவே எட்டுப் பக்கத்தில் மூன்று பக்கத்தை இந்த ஒரு விஷயத்துக்கு ஒதுக்குங்கள்.

‘கிரேஸ் மார்க்’ என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன?

சட்டென்று புரிவது வேறு எதுவோ. 32 எடுத்தவனுக்கு 3 மார்க் போட்டு 35 ஆக்குகிறோம். அந்த 32 அவன் படித்து வாங்கியது, குறைந்த 3 மட்டும் கருணை. அருள் என்பது நம் முயற்சியில் விழுந்த துண்டை அடைக்கிற தொகை என்ற படம் மனதில் ஒட்டிக்கொள்ளும். அதோடு, 12 எடுத்தவனுக்குக் கிரேஸ் மார்க் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும். தகுதிக்குப் பக்கத்தில் வந்தவனுக்கே அருள் என்று அவனாகவே முடித்துக்கொள்வான். கிறிஸ்தவ மரபில் எந்தப் பிரிவும் இப்படிச் சொல்வதில்லை. இந்த உவமையைத் திருத்திப் பயன்படுத்த வழியே இல்லை, விட்டுவிடுங்கள்.

மேட்டூரில் தண்ணீர் திறப்பதை உவமையாகச் சொல்கிறேன். தண்ணீர் அணையிலிருந்து வருகிறது, ஆனால் வயலுக்கு மடையைத் திறப்பது விவசாயி. இதில் தவறு உண்டா?

நானும் மூன்று வருடம் இதைத்தான் சொன்னேன். டெல்டாப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய படம் ஏது? ஜூன் 12 என்றால் குறுவைக்கு மேட்டூர் திறக்கும் நாள் என்று வீட்டில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள். தண்ணீர் கல்லணை வந்து, வாய்க்கால் வந்து, வயல் ஓரம் வரைக்கும் வரும். மண்வெட்டியோடு போய் மடையை வெட்டிவிடுவது நாம். அருளும் சுதந்திரமும் ஒரே படத்தில் வந்துவிட்டன என்று எனக்குத் திருப்தி.

விடைத்தாளைத் திருத்தியபோதுதான் விபரீதம் தெரிந்தது. ‘கடவுள் அருளைத் தயாராக வைத்திருக்கிறார், மனிதன் தன் இதயத்தைத் திறந்தால் அது உள்ளே வரும்’ என்று முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தார்கள். மடையைத் திறக்கும் கைக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க உவமையும் இடம் தரவில்லை. விவசாயி எழுந்ததும், மண்வெட்டியை எடுத்ததும், வரப்பில் நடந்ததும் தண்ணீரால் நடந்தவை அல்லவே. ஒராஞ்சு மறுத்ததை நான் மேட்டூர் வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

இன்னொரு கோளாறும் உண்டு. தண்ணீர் அளக்கக்கூடிய பொருள். அதனால் அருளும் கொஞ்சம், அதிகம் என்று கன அடிக் கணக்கில் வருகிற ஒரு சரக்காகிவிடும். ஒரு மாணவி கேட்டாள்: “சார், கடைமடைக்குத் தண்ணி வந்து சேராத மாதிரி சில பேருக்கு அருள் வந்து சேராதா?” அவள் அப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் நிலம். அவளுக்கு அது கிண்டல் இல்லை, நிஜமான கேள்வி. பாடநூலில் அதற்குப் பதில் இருக்கிறது: கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறித்ததில்லை என்பதை ஒராஞ்சு சங்கமே அழுத்தமாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியது கோட்பாடு இல்லை, என் உவமை.

இப்போதும் இந்த உவமையைச் சொல்கிறேன், கடைசியில், தவறு கண்டுபிடிக்கும் பயிற்சியாக. ‘இதில் எந்த இடத்தில் ஒராஞ்சு மறுப்புச் சொல்லும்?’ என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

அடர்த்தியான ஒரு பத்தியை எப்படிப் பிரித்து எழுதுவது? ஒன்றைச் செய்து காட்ட முடியுமா?

தாமஸ் அக்குவினாஸ் அருளைச் ‘செயற்படுத்தும் அருள்’, ‘ஒத்துழைக்கும் அருள்’ என்று பிரிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பாடநூல் நடையில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘எவ்விளைவில் நம் மனம் இயக்கப்படுவதாயன்றி இயக்குவதாய் இல்லையோ, அவ்விளைவு இறைவனுக்கே உரியதாகலின் செயற்படுத்தும் அருள் எனப்படும். எவ்விளைவில் நம் மனம் இயக்கப்படுவதோடு இயக்கவும் செய்கிறதோ, அவ்விளைவு ஆன்மாவுக்கும் உரியதாகலின் ஒத்துழைக்கும் அருள் எனப்படும். அருள் ஒன்றே, விளைவு நோக்கியே இரண்டெனப்படும்.’

என் முதல் சுருக்கம்: ‘முதலில் கடவுள் தொடங்கிவைக்கிறார். அப்புறம் நாம் அவரோடு சேர்ந்து தொடர்கிறோம்.’

படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு சொல் உள்ளே வந்துவிட்டது: ‘அப்புறம்’. மூலம் நேர வரிசை எதையும் சொல்லவில்லை. ஒரே அருளின் இரண்டு விளைவுகளைச் சொல்கிறது. ‘அப்புறம்’ வந்ததும் அது தொடர் ஓட்டமாகிவிட்டது, கடவுள் குச்சியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார். ஒரு மாணவன் தேர்வில் ‘அருள் என்பது மோட்டாரின் ஸ்டார்ட்டர் போன்றது’ என்று எழுதினான். பம்ப்செட் ஓட ஆரம்பித்த பிறகு ஸ்டார்ட்டரில் யாருக்கும் வேலை இல்லை. அவன்மேல் தவறில்லை, என் குறிப்பு அதைத்தான் சொன்னது. கடைசி வாக்கியத்தை, ‘அருள் ஒன்றே’ என்பதை, இடம் போதவில்லை என்று நான் வெட்டியிருந்தேன். பத்தியைத் தாங்கி நிற்பதே அந்த வாக்கியம்தான்.

இரண்டாம் முறை எழுதியது இது:

‘நல்லதை விரும்பாத மனம் விரும்பும் மனமாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் நாம் எழுப்பப்படுகிறோம், எழுப்புபவர் கடவுள். அந்த விருப்பத்தோடு நாம் ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறோம். செய்பவர் நாம்தான், நம்மைச் செய்ய வைத்துக்கொண்டே இருப்பவரும் அவர்தான். இரண்டு இடத்திலும் அருள் ஒன்றே. நமக்குள் அது செய்யும் வேலைக்குத்தான் இரண்டு பெயர்.’

நீளம் பெரிதாகக் குறையவில்லை, கவனியுங்கள். குறைந்தது சிக்கல் மட்டும். ‘எழுப்பப்படுகிறோம்’ என்ற செயப்பாட்டு வினையை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். எளிய தமிழில் செயப்பாட்டு வினையைத் தவிர் என்று நாமே மாணவர்களுக்குச் சொல்வோம். இந்த அத்தியாயத்தில் அந்த விதியைத் தள்ளிவையுங்கள். யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்பதுதான் இங்கே கோட்பாடு. பெயர்ச்சொற்களை எவ்வளவு வேண்டுமானாலும் எளிமையாக்கலாம். வினையில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும்.

வேற்றுமை உருபும் அப்படித்தான். எபேசியர் 2:8 பழைய மொழிபெயர்ப்பில் ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்று வரும். கிருபைக்கு ‘ஆலே’, விசுவாசத்துக்குக் ‘கொண்டு’. கிரேக்கத்திலும் இரண்டு இடத்தில் இரண்டு அமைப்பு. மொழிபெயர்த்தவர்கள் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நாம் சுருக்கும்போது ‘நம்பினால் அருள் கிடைக்கும்’ என்று எழுதிவிடுகிறோம். ‘அருளினால் நம்பினோம்’ என்பதிலும் ‘ஆல்’, ‘நம்பினால்’ என்பதிலும் ‘ஆல்’. காதுக்கு ஒன்றுபோல இருக்கும். முன்னது காரணம், பின்னது நிபந்தனை. குறிப்பை எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்து ஒவ்வொரு ‘ஆல்’-ஐயும் வட்டமிடுங்கள். அருள் நிபந்தனையின் பின்னால் பரிசாக நிற்கிற வாக்கியம் ஒவ்வொன்றையும் மறுபடி எழுதுங்கள். என் முதல் குறிப்பில் ஒன்பது வட்டம் விழுந்தது, அதில் ஆறு தப்பு.

எல்லாம் கடவுளே செய்கிறார் என்றால் மனிதன் வெறும் கருவிதானே? நாதஸ்வரமும் வித்வானும் என்று சொல்லலாமா?

சொல்லலாம், பாதி தூரத்துக்கு. இந்த உவமையை எனக்குக் கொடுத்ததே நரசிங்கம்பேட்டைப் பையன் ஒருவன்தான். அந்த ஊரில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். “சார், கல்யாணி ராகத்துல பாதி மூச்சோடது, பாதி குழலோடதுன்னு பிரிக்க முடியுமா?” என்று கேட்டான். முடியாது. இசை முழுவதும் வித்வானுடையது, முழுவதும் குழல் வழியாகவும் வந்தது. கடவுள் 50, மனிதன் 50 என்ற கணக்கை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். அக்குவினாஸும் ஒரே விளைவு முழுவதும் இறைவனிடமிருந்தும் முழுவதும் படைப்பிடமிருந்தும் வருகிறது, பங்கு பிரிப்பதில்லை என்றுதான் வாதிடுகிறார்.

ஆனால் குழலுக்கு விருப்பம் கிடையாது. வாசிக்க மாட்டேன் என்று அது சொல்லாது. 1547-இல் திரெந்து சங்கம், அருளால் அசைக்கப்படும் மனிதச் சித்தம் உயிரற்ற பொருளைப்போல ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது என்ற கருத்தைத் தனியாகவே கண்டிக்கிறது. மனிதன் அருளைத் தள்ளிவிடவும் முடியும் என்கிறது. ஆக மடை உவமை ஒரு பக்கம் சாய்கிறது, நாதஸ்வரம் மறுபக்கம் சாய்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நான் வைப்பது என் சொந்த உவமை இல்லை. தாயின் சிரிப்பைப் பார்த்துக் குழந்தை முதல் தடவை சிரிப்பதை இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் ஃபொன் பால்தாசர் எடுத்துக் காட்டுவார். வாரக்கணக்கில் அம்மா முகத்துக்கு நேரே குனிந்து சிரிக்கிறாள், ஒரு நாள் குழந்தை பொக்கை வாயைத் திறக்கிறது. அந்தச் சிரிப்பு குழந்தையுடையதுதான், அம்மா அதன் உதட்டை இழுத்து வைக்கவில்லை. ஆனால் அம்மா சிரித்திருக்காவிட்டால் அது பிறந்திருக்காது. இதுவும் ஓரிடத்தில் நிற்கும்: தாய் வெளியிலிருந்து மட்டுமே அழைக்கிறாள், அருளோ உள்ளிருந்தும் வேலை செய்கிறது. குழந்தைக்குச் சிரிக்கும் திறன் முன்பே இருந்தது. அகுஸ்தினார் பேசும் மனிதனின் சித்தம் காயப்பட்டது. இந்த இரண்டு வரியையும் உவமைக்குக் கீழேயே எழுதிக் கொடுங்கள். எல்லை சொல்லாத உவமையை மாணவன் தேர்வு எழுதும் வரைக்கும் இழுத்துக்கொண்டே போவான்.

எங்கள் வகுப்பில் சைவ, வைணவக் குடும்பப் பிள்ளைகளும் உண்டு. குரங்குக்குட்டி, பூனைக்குட்டி நியாயத்தைச் சொல்லித் தொடங்கலாமா?

தொடங்கலாம், முடிக்கக் கூடாது. தாயைக் குரங்குக்குட்டி பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விப் போகிறது. வைணவத்தில் முன்னதை வடகலைக்கும் பின்னதைத் தென்கலைக்கும் உவமையாகச் சொல்வார்கள். உடனே யாராவது ‘குரங்கு பெலாஜியுஸ், பூனை அகுஸ்தினார்’ என்று எழுதிவிடுவார்கள். அது வடகலைக்கு அநியாயம். வேதாந்த தேசிகர் சரணாகதியை இறைவன் அருள் சுரக்க ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, என்றுதான் சொல்கிறார், அதற்கு விலை என்று சொல்லவில்லை. அகுஸ்தினாருக்கும் அது பொருந்தாது. அவர் பேசுவது பாவத்தால் வளைந்த சித்தத்தைப் பற்றி. பூனைக்குட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இன்னொரு மரபை எளிமையாக்கப் போய் இரண்டையும் சிதைப்பானேன்?

எனக்கு உதவியது திருவாசகத்தின் ஒரு வரி: ‘அவன் அருளாலே அவன் தாள் வணங்கி’. வணங்குவதற்கே அருள் வேண்டும் என்ற இலக்கணம் அந்த ‘ஆலே’-யில் இருக்கிறது. இரண்டு கோட்பாடும் ஒன்று என்று சொல்ல அல்ல; தொடக்கம் பற்றிய கேள்வி தமிழ்க் காதுக்குப் புதிதில்லை என்று காட்ட மட்டும்.

‘அருள்’ என்று எழுதுவதா, ‘கிருபை’ என்று எழுதுவதா?

கத்தோலிக்க மாணவர் ‘அருள்’ என்பார், 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் மாணவர் ‘கிருபை’ என்பார். சொல்லில் எதை எடுத்தாலும் சரிதான், முதல் பக்கத்தில் இரண்டையும் போட்டுவிடுங்கள். ஆபத்து சொல்லில் இல்லை. கத்தோலிக்க நூல் அருளை ஆன்மாவுக்குள் ஊற்றப்பட்டு அதை மாற்றும் கொடையாக விவரிக்கும். லுத்தரன் நூல் முதலில் அதைக் கடவுளின் தயவாகவும், கிறிஸ்துவின் நீதி நமக்கு எண்ணப்படுவதாகவும் சொல்லும். ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால் இரண்டு பிள்ளைகளுமே தங்கள் சபையின் போதனையைத் தவறாகக் கற்பார்கள். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கைகூட அப்படிச் செய்யவில்லை. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று சேர்ந்து சொல்லிவிட்டு, ஒவ்வொரு தலைப்பிலும் இரு தரப்பு அழுத்தங்களையும் தனித்தனிப் பத்தியாக வைக்கிறது. நம் குறிப்புக்கும் அந்த அமைப்பைக் கடன் வாங்கலாம்.

“சார், அருளும் சுதந்திரமும் ஒரே நேரத்தில எப்படி இருக்கும்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

எப்படி என்பது தீர்க்கப்படவில்லை என்று சொல்லுங்கள். டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் இதற்காக ரோமில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்புச் சொல்லாமலே விவாதத்தை முடித்து, ஒருவரையொருவர் கண்டிக்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். இரண்டும் உண்மை என்பது போதனை, எப்படி இணைகின்றன என்பது இறையியலாளர்களின் விளக்கம். பாடநூல் இதை நான்கு பக்கம் எழுதும், நீங்கள் நான்கு வரியில் சொல்லலாம். ஆனால் தீராததைத் தீர்ந்ததுபோல எழுதிவிடாதீர்கள்.

கலைச்சொற்களை அடியோடு எடுத்துவிடலாமா?

வேண்டாம். நம் முதல் அசைவுக்கும் முந்தி வரும் ‘முன்செல்லும் அருள்’, ‘ஒத்துழைக்கும் அருள்’ இரண்டையும் வையுங்கள், மேல்படிப்பில் தேவைப்படும். மற்றவை அடிக்குறிப்பில் இருந்தால் போதும்.

அவர்களுக்குச் சரியாகப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரையறை கேட்காதீர்கள், மனப்பாடம் வந்துவிடும். ஒரு சம்பவம் கொடுங்கள். நான் கொடுப்பது: ‘பத்து வருடமாகக் குடித்த ஒருவர் ஒரு விடியற்காலையில், யாரும் சொல்லாமல், இனிமேல் வேண்டாம் என்று நினைக்கிறார். அன்று மாலை கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறார்.’ கேள்விகள் இரண்டு. விடியற்காலை எண்ணம் யாருடைய வேலை? மாலையில் அவர் கடைக்கே போயிருக்க முடியுமா?

முதல் கேள்விக்கு ‘அவருடைய மனவலிமை, அதற்கப்புறம் கடவுள் உதவினார்’ என்றால் மடை உவமை இன்னும் தலையில் ஓடுகிறது. இரண்டாவதற்கு ‘போயிருக்க முடியாது, கடவுள் முடிவு செய்துவிட்டார்’ என்றால் நாதஸ்வரம். இரண்டுக்கும் பொருந்தி விடை எழுதுபவர்கள் முதல் வருடம் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள்.

போன பருவத்தில் அந்தக் கடைமடை மாணவி எழுதியது: ‘எண்ணத்தைக் கொடுத்தவர் கடவுள். வீட்டுக்கு நடந்தவர் அவர். நடக்கவைத்தவரும் கடவுள். கடைக்கும் போயிருக்கலாம், வழி திறந்துதான் இருந்தது.’ ஓரத்தில் பென்சிலால், ‘சார், இதில் மடை எங்கேயும் இல்லை’ என்று சேர்த்திருந்தாள்.